ஃபிரான்ஸில் இருக்கும் அக்கா வீட்டை விற்றபோது

புதுச்சேரி லாஸ்பேட்டையில் அத்தை மகள் அக்காவுக்கு ஒரு வீடு இருந்தது. அவங்க சார்செல்லில் குடியிருக்காங்க, பவர் என் பேரில். 2014இல் பத்திரச் செலவோடு சேர்த்து 52 லட்சத்துக்கு வாங்கியது. 2024 நவம்பரில் 70 லட்சத்துக்கு விலை பேசினோம். பத்திரம் எழுதுபவர், "50 லட்சத்துக்கு மேலன்னா ஒரு பர்சென்ட் பிடிச்சிட்டு குடுத்துடுவாங்க சார், அவ்ளோதான்" என்றார். வாங்குபவர் விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் அந்த ஒரு பர்சென்ட் வரி, இங்கேயே குடியிருப்பவர் விற்றால்தான். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் கணக்கே வேறு.

இதில் பாஸ்போர்ட்டைப் பார்க்கக் கூடாது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம்ம ஊர் சொல்தா தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கலாம். வருஷம் முழுக்க முத்தியால்பேட்டையில் இருந்தால் வருமான வரிக்கு அவர் உள்ளூர்வாசிதான். விற்கிற நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தாலே போதும். இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கும் கடலூர்ப் பையன் வெளிநாட்டுவாசி. அவர் விற்றால் 50 லட்சம் என்ற வரம்பே கிடையாது, 20 லட்சத்து மனைக்கும் பிடித்தாக வேண்டும்.

அக்கா கணக்குக்கு வருகிறேன். லாபம் 18 லட்சம். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்பதால் வரி 12.5%, அதன் மேல் 4% செஸ். மொத்தம் 2,34,000 ரூபாய். விலைவாசிக்கேற்ப வாங்கிய விலையை ஏற்றிக்கொண்டு 20% கட்டும் வாய்ப்பு உள்ளூர்வாசிக்கு மட்டும்தான், இவங்களுக்கு இல்லை. ஆனால் வாங்குபவர் லாபத்தில் பிடிக்க மாட்டார். லாபம் எவ்வளவு என்று அவராகக் கணக்குப் போட்டுக் குறைத்துப் பிடித்தால் வம்பு அவர் தலையில்தான் விடியும். அதனால் முழு 70 லட்சத்துக்கும் பிடிப்பார். தொகை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 10% சர்சார்ஜும் சேர்ந்து விகிதம் 14.3% ஆகிறது. அதாவது 10,01,000 ரூபாய். கட்ட வேண்டியது இரண்டேகால் லட்சத்துச் சொச்சம், பிடிபடுவது பத்து லட்சம்!

"ரீஃபண்டுதான் வருமே" என்றார் ஆடிட்டர் ஒருவர். வரும்தான். ஆனால் நிதியாண்டு முடிந்து, ரிட்டர்ன் போட்டு, அது பரிசீலனையாகும் வரை ஏழரை லட்சத்துக்கு மேல் முடங்கிக் கிடக்கும். வட்டி மாதம் அரை சதவீதம். என்னைக் கேட்டால், ரீஃபண்டை நம்பி வீடு விற்பது கடைசி வழி. முதல் வழி, குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழ்.

அதற்கு விற்பவர்தான் வருமான வரித்துறையின் TRACES தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அப்போது அது படிவம் 13. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விண்ணப்பத்தில், வரி பிடிப்பவருக்கென்று தரும் டான் எண்ணை வாங்குபவர் பேரில் கேட்டார்கள், அக்ரிமெண்டும் கேட்டார்கள். ஆள் முடிவாகாமல் விண்ணப்பிக்க முடியாது. சான்றிதழோ, கொடுத்த தேதிக்குப் பிறகு கைமாறும் பணத்துக்குத்தான் செல்லும். ஆக, அட்வான்ஸாகப் பாதி விலையை வாங்கிவிட்டால் அந்தப் பாதிக்கு முழு விகிதம்தான்.

நாங்கள் அட்வான்ஸ் 2 லட்சம் மட்டும் வாங்கினோம். அதில் 28,600 பிடித்தார். அவர் டான் எடுத்ததும் அக்கா விண்ணப்பித்தாங்க. கோப்பு சென்னையில் சர்வதேச வரிவிதிப்புப் பிரிவுக்குப் போனது. பழைய பத்திரம், அன்று பணம் கொடுத்ததற்கான வங்கி விவரம், பழைய ரிட்டர்ன்கள், லாபக் கணக்கு எல்லாம் கேட்டார்கள். ஆறு வாரத்தில் 3.5% என்று சான்றிதழ் வந்தது. ஜனவரியில் பதிவன்று மீதி 68 லட்சத்தில் 2,38,000 மட்டும் பிடித்தார்.

மொத்தம் பிடித்தது 2,66,600. கூடுதலாகப் போன 32,600க்கு ITR-2 போட்டோம். அந்தச் சின்னத் தொகையே இழுத்தடித்தது. வாங்கியவர் பணத்தை ஒழுங்காகக் கட்டிவிட்டார். ஆனால் 27Q என்ற காலாண்டு அறிக்கையில் அக்காவின் பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பு. அவங்க பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ASஇல் அட்வான்ஸுக்குப் பிடித்த 28,600 காணவே இல்லை. அவர் திருத்த அறிக்கை போட்ட பிறகுதான் நகர்ந்தது. முழுசாகப் பத்து லட்சம் பிடித்திருந்து இந்தத் தப்பு நடந்திருந்தால்?

வாங்குபவர்களுக்கும் ஒன்று. தெரிந்த நண்பர் ஒருவர் இப்படித்தான் ஒரு பர்சென்ட் மட்டும் பிடித்து வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து அவருக்கு நோட்டீஸ். பிடிக்காமல் விட்ட வரியும் மாதம் 1% வட்டியும் அவரிடமே கேட்டார்கள். விற்றவர் கனடாவில், போனை எடுப்பதில்லை.

2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண், படிவ எண்களைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்ரிமெண்டில் நாங்கள் எழுதிக்கொண்டது இதுதான்: வாங்குபவர் பத்து நாளில் டான் எடுக்க வேண்டும், சான்றிதழ் கைக்கு வந்த பிறகே மீதித் தொகையும் பதிவும், 27Q தாக்கல் செய்து, வரி பிடித்ததற்குச் சான்றான 16A கொடுக்க வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. பத்திரம் எழுதுபவர், "இதெல்லாம் யாரும் எழுத மாட்டாங்களே" என்று முனகிக்கொண்டேதான் டைப் அடித்தார்.