ஆயிரத்துக்கு ஐந்து புத்தகம் தொலையலாம்

நடமாடும் நூலக வண்டியை ஒரு குழந்தை பார்க்கிறது, ஏறி ஒரு புத்தகத்தை எடுக்கிறது, அதோடு அதன் வாழ்க்கையே மாறிவிடுகிறது என்கிற மாதிரிக் கதைகளை இங்கே அடிக்கடிப் பகிர்கிறார்கள். நானும் படிக்கிறேன், மனசு நெகிழத்தான் செய்கிறது. ஆனால் டெல்லியில் அப்படி ஒரு வண்டியில் பல வருடம் புத்தகம் கொடுத்து வாங்கியவன் நான். அந்தக் கதைகளில் எல்லாம் குழந்தை புத்தகத்தைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போவதோடு முடித்துவிடுகிறார்கள். அந்தக் குழந்தை மறுபடி வண்டிப் பக்கம் வந்ததா என்று யாரும் எழுதுவதில்லை. எனக்குத் தெரிந்த கதையை முழுசாகச் சொல்கிறேன்.

2009-ல் ஜங்புரா பக்கம் எங்கள் வண்டிக்குப் புதிதாக ஒரு நிறுத்தம் போட்டார்கள். வியாழக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து வரை. பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரமாக மதராசி கேம்ப் இருந்தது இல்லையா, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த நம் ஜனங்கள் பல வருடமாகக் குடிசை போட்டு இருந்த இடம், அங்கிருந்து நடக்கிற தூரம்தான். முதல் மூன்று வாரமும் ஒரு பெண் குழந்தை, ஒன்பது வயது இருக்கும், இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. கிட்டே வரவில்லை. நான்காவது வாரம் நானே தமிழில் கூப்பிட்டேன். உடனே அது கேட்ட முதல் கேள்வி: "அங்கிள், ஊசி போடுவீங்களா?"

மருந்து வண்டி என்று நினைத்திருக்கிறது. அந்தத் தெருவுக்கு வேறு எந்த வண்டியும் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதில்லை.

வண்டிக்குள் அலமாரித் தட்டுகள் நேராக இருக்காது, உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது புத்தகம் முன்னால் வந்து விழக்கூடாது என்பதற்காக. கீழ் இரண்டு தட்டு பிள்ளைகளுக்கு. அவள் படம் போட்ட புத்தகம் எதையும் எடுக்கவில்லை. மேல்தட்டில் இருந்த ஒன்றைக் காட்டினாள். இந்தி தெரிந்தவர்கள் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கான புத்தகம், பக்கத்தில் பாதி இந்தி, பாதி தமிழ். விலை 75 ரூபாய். அட்டையில் பெரிதாக 'ழ' போட்டிருந்தது. "இது எங்க ரேஷன் டப்பா மேல இருக்கு" என்றாள். ஊரிலிருந்து பாட்டி மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்தனுப்பிய டப்பாவாம். கேம்ப் பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவளுக்குக் கீழே இரண்டு சின்னதுகள், அம்மா நிஜாமுதீனில் வீட்டு வேலை, அதனால் பக்கத்திலேயே இருந்த இந்திப் பள்ளியில் போட்டுவிட்டார்கள். வீட்டில் பேசுவது முழுக்கத் தமிழ், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது.

சரி, புத்தகம் கொடுக்கலாம் என்றால் உறுப்பினர் அட்டை வேண்டும். அட்டைக்கு முகவரிச் சான்று வேண்டும், பெரியவர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அம்மா கையெழுத்து என்றதும் பின்வாங்கிவிட்டார். குடிசையில் இருப்பவர்களுக்குக் காகிதத்தில் கைநாட்டு வைத்தால் என்ன ஆகும் என்பதில் இருக்கிற பயம் பட்டவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் என் டிக்கெட்டில் கொடுத்தேன். டிக்கெட் என்றால் சின்ன அட்டைப் பை. புத்தகத்துக்கென்று ஒரு சீட்டு இருக்கும், அதை உருவி அந்தப் பைக்குள் போட்டு, திருப்ப வேண்டிய தேதி வாரியாக மரத்தட்டில் அடுக்கி வைப்போம். புத்தகத்தில் ஒட்டிய தாளில் அதே தேதியை முத்திரை குத்துவோம். அந்த டக் என்ற சத்தத்தை அவள் இன்னொரு தடவை குத்தச் சொன்னாள்.

எட்டு தடவை அதே புத்தகத்தைப் புதுப்பித்து எடுத்துப் போனாள். ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிஷம் என்னிடம் படித்துக் காட்டுவாள். இந்தி வழியாக வருகிற பிள்ளைகள் எங்கே தடுக்கும் என்று அவளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. 'க' ஒன்று போதும் என்பதை உடனே பிடித்துக்கொண்டாள், இந்தியில் நான்கு எழுத்து இருக்கிற இடத்தில் தமிழில் ஒன்றுதானே, அது அவளுக்குச் சுலபம். ஆனால் குறில் ஒ, குறில் எ இரண்டும் உயிரை வாங்கின. இந்தி எழுத்தில் அதற்குத் தனிக்குறி கிடையாது, நெடில் மட்டும்தான். அதனால் 'கொடி' என்று எழுதியிருந்தாலும் கோடி, 'கோடி' என்றாலும் கோடி. வாயால் பேசும்போது கொடியில் துணி காய்கிறது என்று சரியாகச் சொல்கிறவள், கண்ணால் பார்த்தால் தப்பாக வாசிப்பாள். ஒரு நாள் ஒற்றைக் கொம்பின் மேல் விரலை வைத்து, "இதுக்குத் தலையில சுழி இல்ல, அதான் சின்னதாச் சொல்லணும்" என்று அவளே கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் ஜூலையில் வண்டிக்கு கியர்பாக்ஸ் போனது. மூன்று வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. ஒரே இடத்தில் இருக்கிற நூலகமாக இருந்தால் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டலாம், எங்களுக்குக் கதவே அங்கே போகவில்லையே. நாலாவது வாரம் போனோம். மற்றப் பிள்ளைகள் வந்தார்கள், இவள் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அவள் எங்கே என்று கேட்டால் பிள்ளைகள் வேறு பக்கம் பார்த்தார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். ஊருக்குப் போயிருந்தால் "ஊருக்குப் போயிட்டா" என்று நாலு பேர் ஒன்றாகக் கத்துவார்கள். வேறு பக்கம் பார்த்தால் புத்தகத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ஐந்து மணிக்கு வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். மழையில் நாலாத் தண்ணீர் வீட்டுக்குள் வந்திருக்கிறது, அரிசி டின்னுக்கு அடியில் பத்திரமாக வைத்த புத்தகம் ஊறிவிட்டது. அவள் அம்மா அதைத் தகரக் கூரையில் வெயிலில் காயப் போட்டிருக்கிறார். எல்லோரும் செய்கிற தப்பு அது. வெயிலில் காய்ந்தால் தாள் அலை அலையாகச் சுருண்டு கட்டை மாதிரி ஆகிவிடும். நனைந்த புத்தகத்தை நிழலில் நிற்க வைத்து, விசிறி மாதிரி விரித்து, இடையிடையே பழைய செய்தித்தாளைச் செருகி, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் குழந்தை நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தது. ஒரு நாளைக்கு 25 பைசா அபராதம், வண்டி வராத 21 நாளுக்கு 5 ரூபாய் 25 பைசா, புத்தகம் 75 ரூபாய், மொத்தம் 80 ரூபாய் 25 பைசா. வண்டி வராத நாளுக்கு அபராதம் வாங்கக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? "சார், மாசச் சம்பளம் வந்ததும் கொடுத்துடறேன், பொண்ணத் திட்டாதீங்க" என்றார் அம்மா. அந்தக் குழந்தை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவே இல்லை.

எனக்கு மேலே இருந்த அதிகாரி, விலையை வசூலிக்கச் சொன்னார், இல்லையென்றால் ஆடிட்டில் கேள்வி வரும் என்றார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் உட்கார்ந்து மத்திய அரசின் பொது நிதி விதிகளைப் படித்தேன். 2005 பதிப்பில் விதி 194, இப்போதைய 2017 பதிப்பில் விதி 215. அதில் தெளிவாக இருக்கிறது: ஒரு வருடத்தில் இரவல் கொடுத்த, எடுத்துப் பார்த்த புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைந்தால் அது நியாயமான இழப்பு. நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமாக இருக்கக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளதும் அரிய புத்தகமும் மட்டும் கட்டாயம் விசாரிக்கப்பட வேண்டும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் பாருங்கள். ஒரு வண்டி வாரத்துக்கு 300 புத்தகம் கொடுக்கிறது, வருடத்தில் 50 வாரம் ஓடுகிறது என்றால் 15,000. அதில் 75 புத்தகம் தொலைய விதியே இடம் கொடுக்கிறது. அந்த 75-ஐ யாருக்காக வைத்திருக்கிறோம்? காலனி வீட்டில் அலமாரி இருக்கிறது, அங்கே புத்தகம் நனையாது. கூரை ஒழுகுகிற வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தானே அந்த இடம்? ஆனால் நாங்கள் ஜாமீன், சான்று, அபராதம் என்று அவர்களிடம்தான் கறாராக இருக்கிறோம். ஒன்றுகூடத் தொலையவில்லை என்று ஒரு வண்டி பெருமை பேசினால், கொடுக்க வேண்டியவர்களுக்கு அது கொடுக்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார், முதல் விதியே புத்தகம் பயன்படுத்தத்தான் என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்ததை அதில் விவரிக்கிறார். அதே 1931-ல்தான் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ஜாமீன் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சங்கிலி ஞாபகம் வரும்.

விதியை நகல் எடுத்து அதிகாரி மேசையில் வைத்தேன். படித்தார், இரண்டு நாள் கழித்துத் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி, அவ்வளவுதான். கழித்த புத்தகங்கள் எடைக்குப் போனபோது அந்த ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்கி அவளிடம் கொடுத்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து வந்து வாங்கிக்கொண்டாள். அடுத்த வியாழன் மூன்று மணிக்கு முன்னாலேயே மரத்தடியில் நின்றாள்.

ஆறாம் வகுப்புக்கு அவளே அடம்பிடித்துத் தமிழ்ப் பள்ளிக்கு மாறினாள். கேம்ப்பில் ஊரிலிருந்து வருகிற கடிதம், பட்டா நகல், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் அவள் வீட்டுக்குத்தான் எடுத்துப் போவார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

2025 ஜூன் முதல் தேதி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. வேறு வீடு கிடைத்தவர்கள் நரேலாவுக்குப் போனார்கள், நகரத்தின் அந்தக் கோடிக்கு. இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். புது வீட்டுச் சிமெண்டுத் தரையில் அந்த வீங்கிப்போன புத்தகம் விரிந்து கிடக்கிறது, சுற்றி ஐந்தாறு பிள்ளைகள். முன்பக்கத்தில் ஒட்டிய தாளில் நான் குத்திய தேதிகள் மை கரைந்து நீலமாகப் பரவியிருக்கின்றன. படத்துக்குக் கீழே தமிழில் எழுதியிருந்தாள், கொம்பெல்லாம் சரியாகப் போட்டு: "அங்கிள், இங்கே வண்டி எந்தக் கிழமை வரும்?"