கட்டில் உயரத்தை ஆள் இருக்கேக்க பாருங்கோ

"புது மெத்தை போட்ட பிறகு அம்மா இரவில கட்டில் விளிம்பில இருந்து சறுக்கிறா. உயரம் கூடிப்போச்சோ?"

வெறுங்கட்டிலை அளந்து பிரயோசனமில்லை. அம்மாவை விளிம்பில இருத்திப் பாருங்கோ. பாதம் முழுக்க சீமெந்து நிலத்தில படவேணும், இடுப்பு முழங்காலுக்குக் கொஞ்சம் மேல நிக்கவேணும். குதிக்கால் தொங்கினா உயரம் கூட. பாதம் பட்டும் முன்னுக்குச் சரிஞ்சா, பிழை ஸ்பொஞ் விளிம்பில; பாரம் ஏற அது அமுங்கிச் சாய்வாகுது. அதுக்குக் கட்டில் காலை வெட்டாதேங்கோ, இறுக்கமான தும்பு மெத்தைக்கு மாத்துங்கோ.

எங்கட வன்னியில இன்னொண்டு, நுளம்புவலை. இறங்கிற பக்கம் வலை நிலத்தில புரண்டா கால் சிக்கும்; மெத்தைக்குக் கீழ செருகிவிடுங்கோ. லைற் கட்டிலுக்குக் கீழ மங்கலா எரிஞ்சாக் காணும், கண்ணில அடிச்சா பிறகு நித்திரை வராது.