இரண்டு அர்த்தம் போதாது

கதைகளில் வரும் ஆரூடங்களைப் பற்றி ரொம்ப நாளாக மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். இரட்டை அர்த்தம் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். முடியவில்லை.

லிடியா அரசன் குரோசஸின் கதையைப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். பாரசீகத்தின் மீது படையெடுத்தால் ஒரு பேரரசை அழிப்பாய் என்றது கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலில் சொன்ன குறி. அவன் போனான், அழிந்தது அவனுடைய பேரரசு. எந்தப் பேரரசு என்று அவன் கேட்கவே இல்லை. அன்றைக்கு அது அதிர்ச்சி. ஆனால் இன்றைய வாசகர் கதையில் குறி என்று ஒன்று வந்ததுமே அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிடுகிறார். நான் எழுதிய ஒன்றை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாவது பத்தியிலேயே முடிவைச் சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் புரிந்தது, வாசகர் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு குழப்பத்தை வெளிப்படையாக வைக்க வேண்டும். உண்மையான குழப்பம் யாரும் சந்தேகப்படாத வேறொரு சொல்லில் இருக்க வேண்டும்.

தமிழில் இதற்கு வசதி அதிகம். 'புலி கொல் யானை' என்பது பழைய இலக்கண உதாரணம். உருபு மறைந்து நிற்பதால் புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்று சொற்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. என் கதையில் அரசனுக்குச் சொல்லப்படும் குறிக்கு அதையே எடுத்துக்கொண்டேன்: "களிறு கொன்ற மன்னன் பெயரை ஊர் மறவாது."

யானையை வென்று புகழ் பெறுவீர்கள் என்கிறார் புலவர். யானையால் சாவீர்கள் என்கிறார் அமைச்சர். இருவரையும் சபையிலேயே உரக்கச் சண்டை போட வைத்தேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும், ஒன்று வலிந்து சொன்னதாகத் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். அரசன் பயந்துபோய்ப் பட்டத்து யானையை எல்லைப் பாசறைக்கு அனுப்பிவிடுகிறான். இந்தப் பயம்தான் கதையை நகர்த்த வேண்டும். குறி சொல்லாவிட்டாலும் நடந்திருக்கும் என்றால் குறி எதற்கு?

எல்லையில் ஒரு சிற்றூர். படை நுழையும்போது அதன் குறுநில மன்னன், இருபது வயதுப் பையன், வேலோடு தனியாக வழிமறிக்கிறான். அந்த யானை அவனை மிதித்துக் கொல்கிறது.

'மன்னன்' என்றால் தான்தான் என்று கேட்ட அரசன் நினைத்தான். சண்டை போட்ட இருவரும் அப்படித்தான் நினைத்தார்கள், வாசகரும்தான். முடிந்த பிறகு குறியைத் திரும்பப் படித்தால் ஒரு எழுத்துகூட மாற்றாமல் பொருந்த வேண்டும். 'ஊர்' உட்பட.

கடைசிக் காட்சியில் அரசன் படுக்கையில் காய்ச்சலில் கிடக்கிறான், யானை அருகில் இல்லை என்ற நிம்மதியோடு. எல்லையில் அந்தப் பையனுக்கு நடுகல் நட்டு, எண்ணெய் பூசி, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.