பத்து ஏடிபி என்று எழுதினால் தப்பா?

செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வட்டமான டிசிஏ சைக்கிளில் ஒரு சுற்றுக்கு எத்தனை ஏடிபி கிடைக்கும் என்ற இன்டர்னல்ஸ் கேள்விக்குப் பத்து என்று எழுதிய மாணவிக்கு இரண்டு மார்க் போன விஷயத்தில் ஒரு வாரமாக நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று ஒருவர் "ஆன்சர் கீயில் 12 இருந்தால் 12தான் எழுதணும், இதில் என்ன விவாதம்" என்று போட்டிருந்ததைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பேப்பரை நான் கையில் வாங்கிப் பார்த்தவள். டிசிஏ சைக்கிளை நினைவிலிருந்து வரைந்திருக்கிறாள், ஒரு என்சைம்கூட இடம் மாறவில்லை. ஐசோசிட்ரேட், ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட், மாலேட் ஆகிய மூன்றின் டிஹைட்ரஜனேஸ்களுக்கும் பக்கத்தில் எலக்ட்ரானைச் சுமந்துபோகும் என்ஏடிஎச் ஒவ்வொன்று. சக்சினேட் டிஹைட்ரஜனேஸில் அதே வேலை செய்யும் எஃப்ஏடிஎச்2. சக்சினைல் கோஏ சக்சினேட் ஆகும் இடத்தில் ஒரு ஏடிபிக்குச் சமமான ஜிடிபி. கீழே கணக்கு: 7.5 + 1.5 + 1 = 10. அந்தப் பத்தைச் சிவப்பு மையால் சுழித்து, 12 என்று எழுதி, இரண்டு மார்க்கை வெட்டியிருக்கிறார்கள்.

12 எங்கிருந்து வந்தது? ஒரு என்ஏடிஎச்சுக்கு 3 ஏடிபி, எஃப்ஏடிஎச்2-வுக்கு 2 என்ற பழைய கணக்கிலிருந்து. 9 + 2 + 1. பிறகு புரோட்டானை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு என்ஏடிஎச்சின் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சேர்வதற்குள் சுமார் 10 புரோட்டான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. எஃப்ஏடிஎச்2 அந்தப் பாதையின் முதல் காம்ப்ளெக்ஸைத் தொடாமல் நுழைவதால் அதற்கு 6தான். ஒரு ஏடிபி செய்து வெளியே அனுப்ப 4 புரோட்டான் வேண்டும். வகுத்தால் 2.5, 1.5. சைக்கிளில் ஒரு படிகூட மாறவில்லை, மாற்று விகிதம்தான் மாறியது. ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்று இருந்தது 32 ஆனதும் இதனால்தான்.

"அப்போ பழைய கேள்வித்தாள் வேண்டாமா மேம்?" என்று கேட்பீர்கள். வேண்டும். நானே போடச் சொல்கிறேன். வரைந்து முடித்து, பழைய கேள்வி ஒவ்வொன்றுக்கும் நம் படத்தில் பதில் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ரெகுலேஷன் கேட்டிருந்தால், ஏடிபியும் என்ஏடிஎச்சும் குவியும்போது ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ் மந்தமாவதும், அடினோசின் டைபாஸ்பேட் கூடினால் வேகமெடுப்பதும் படத்தில் தெரிய வேண்டும். அந்த டைபாஸ்பேட், ஏடிபி செலவான பிறகு மிஞ்சுவது. இதற்குத்தான் பழைய கேள்வி. பழைய விடையை அப்படியே காப்பியடிப்பதற்கு இல்லை. சீனியர் ஜெராக்ஸில் 12 இருந்தால், அது எந்த விகிதத்தில் போட்ட கணக்கு என்று பார்த்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

"நூறு பேப்பர் திருத்துகிறவர் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பாரா?" நானும்தான் திருத்துகிறேன். பார்க்க வேண்டியது ஐந்து இடம், அதற்கு அரை நிமிடம் ஆகாது.

நான் முதல் வருடத்தில் இதைக் கோலம் மாதிரிதான் மனப்பாடம் செய்தேன். வைவாவில் "மேலோனேட் போட்டால் எது சேரும்?" என்று கேட்டார்கள். கண்ணை மூடினால் முழு வட்டமும் தெரிந்தது, பதில் தெரியவில்லை. மேலோனேட்டால் சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் அடைபட்டால் அதற்கு முன்னால் இருக்கும் சக்சினேட்தானே சேர வேண்டும்? இந்தச் சைக்கிளைக் கண்டுபிடித்த கிரெப்ஸ் புறாவின் மார்புத் தசையில் பார்த்ததும் இதைத்தான். அன்றைக்கு அழுதுகொண்டே ஹாஸ்டலுக்குப் போனேன். அதற்குப் பிறகு கார்பனை எண்ணாமல் நான் வரைந்ததே இல்லை. ஆக்சலோ அசிட்டேட்டின் நாலும் அசிட்டைல் கோஏவின் ரெண்டும் ஆறு, ஐசோசிட்ரேட் தாண்டியதும் ஐந்து, அடுத்ததில் நான்கு, கடைசி வரை நான்கு. ஒரு கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டால் ஆக்சலோ அசிட்டேட் ஐந்து கார்பனோடு வந்து நிற்கும், தப்பு எங்கே என்று படமே காட்டிவிடும்.

இந்தப் பெண்ணும் அப்படித்தான் வரைந்திருக்கிறாள். ஒவ்வொரு பெயருக்கு அடியிலும் பென்சிலில் சின்னதாக 6, 6, 5, 4. அதைப் பார்த்த பிறகும் மார்க்கை வெட்ட மனசு வந்திருக்கிறதே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. யோசித்து எழுதினால் நஷ்டம் என்று பதினெட்டு வயதில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். "மார்க் முக்கியமில்லை, அறிவுதான் முக்கியம்" என்று கமென்டில் ஆறுதல் சொல்கிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். அவளுக்கு மார்க்கும் முக்கியம்.

செவ்வாய்க்கிழமை லேபில் வந்து நின்றாள். "மேம், யுனிவர்சிட்டி எக்ஸாமில் நான் 12-ன்னே எழுதிடட்டுமா?" இரண்டு விகிதத்தையும் ஒரு வரியில் எழுதி, பத்து என்று முடித்து, அடைப்புக்குறிக்குள் பழைய கணக்கில் 12 என்று போடச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த இரண்டு மார்க் இன்னும் திரும்பி வரவில்லை.