“ஆதாரம்: புறநானூறு” என்று மட்டும் எழுதினால் அது ஆதாரம் ஆகாது

சங்கப் பாடலில் ஒரு வரியை எடுத்து முகநூலில் பதிவு எழுதுகிறோம். “முழுப் பாடலும் இணைப்பும் முதல் கமெண்டில்” என்று முடிக்கிறோம். முதல் கமெண்டைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது: ஏதோ ஒரு வலைப்பக்கத்தின் நீளமான முகவரி, அல்லது “புறநானூறு” என்ற ஒற்றைச் சொல். 400 பாட்டு கொண்ட தொகையில் எந்தப் பாட்டு, யாருடைய பதிப்பு, வாசகர் எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று எதுவும் தெரியாது. பதிவுக்குச் செலவிட்ட நேரத்தில் கால்பங்கை இந்தக் கமெண்டுக்கும் தர வேண்டும் என்பது என் கட்சி. எப்படி என்று ஒரே பாட்டை வைத்துச் சொல்கிறேன்.

எல்லோரும் எடுத்தாளும் பாட்டையே எடுத்துக்கொள்வோம். புறநானூறு 192, பாடியவர் கணியன் பூங்குன்றனார், திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி. கமெண்டின் முதல் வரி இதுவாகவே இருக்கட்டும். நீளமான கமெண்டை முகநூல் சில வரிகளோடு மடித்து வைத்துவிடும். விரித்துப் படிக்காதவர் கண்ணிலும் பாட்டின் எண் பட்டுவிட வேண்டும். எண்ணைத் தட்டெழுதியபின் இன்னொரு முறை பாருங்கள். நடு இலக்கம் பிசகி 182 ஆகிவிட்டால் அதுவும் நல்ல பாட்டுதான், அதே துறைதான், ஆனால் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் பாட்டு. துறை பொருந்துவதால் சரிபார்ப்பவருக்கும் குழப்பம்.

அடுத்து மூலம்.

யாதும் ஊரே; யாவரும் கேளிர்;
தீதும் நன்றும் பிறர்தர வாரா;
நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன;
சாதலும் புதுவது அன்றே, வாழ்தல்
இனிதென மகிழ்ந்தன்றும் இலமே, முனிவின்
இன்னா தென்றலும் இலமே, மின்னொடு
வானம் தண்துளி தலைஇ, ஆனாது
கல்பொருது இரங்கும் மல்லற் பேர்யாற்று
நீர்வழிப் படூஉம் புணைபோல், ஆருயிர்
முறைவழிப் படூஉம் என்பது திறவோர்
காட்சியின் தெளிந்தனம் ஆகலின், மாட்சியின்
பெரியோரை வியத்தலும் இலமே;
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.

முழுப் பாட்டையும் ஏன் போட வேண்டும் என்பதற்கு இந்தப் பாட்டே பதில். முதல் வரியை மட்டும் படித்தவருக்கு இது உலக ஒற்றுமை பற்றிய முழக்கம். 13 அடிகளையும் படித்தவருக்கு வேறொன்று தெரியும். பதினோராம் அடியில் “ஆகலின்” என்று ஒரு சொல் இருக்கிறது. மழை பெய்து, பாறையில் மோதி ஒலித்து ஓடும் பேராற்றில் தெப்பம் நீர் போன போக்கில் போவது போல உயிர் முறைவழி போகிறது. திறவோர் காட்சியால் இதைத் தெளிந்தோம். ஆகலின் பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதைவிடவும் மாட்டோம். பாட்டின் தர்க்கம் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. ஊழை நம்பியவர் சொன்னதா, சமத்துவம் பேசியவர் சொன்னதா என்று பதிவின் கீழே நடக்கும் சண்டையில் பாதிக்குக் காரணம், சண்டை போடுகிறவர்கள் முதல் அடியோடு நின்றுவிட்டதுதான்.

இனி, எந்த வடிவத்தில் போடுவது? பழைய அச்சில் பாட்டு புணர்ச்சியோடு இருக்கும். “யாதுமூரே யாவருங் கேளிர்”, “புதுவ தன்றே”, “தண்டுளி தலைஇ யானாது”, “புணைபோ லாருயிர்” என்று. மேலே கொடுத்தது பெரும்பாலும் சொல் பிரித்த வடிவம். வாசிக்க இது எளிது. ஆனால் பிரிப்பது ஒருவருடைய முடிவு என்பதை மறக்கக் கூடாது. “புணைபோ லாருயிர்” என்பதைப் பிரித்தால் “புணைபோல் ஆருயிர்” வரும். இணையத்தில் பல இடங்களில் “புணைபோல” என்று ஓர் அகரம் கூடுதலாக நிற்கும். பொருள் மாறாது, ஆனால் அது வேறு பாடம் போலத் தோன்றும், “எது சரி” என்று கேள்வி வரும். “சொற்பிரிப்பும் நிறுத்தக்குறிகளும் வாசிப்பு வசதிக்காக” என்று மூலத்தின் கீழே ஒரே வரி எழுதிவிட்டால் போதும்.

அளபெடையைத் தொடவே தொடாதீர்கள். “தலைஇ” என்பதில் நிற்கும் “இ” எழுத்துப்பிழை அல்ல. அங்கே அது “பெய்து” என்று வினையெச்சப் பொருள் தருகிறது. கைப்பேசி விசைப்பலகை அதைத் “தலை இ” என்று பிரிக்கும், அல்லது “தலை” என்று திருத்தும். அப்போது வானத்துக்குத் தலை முளைத்துவிடும். “படூஉம்” இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டிலும் “உ” இருக்கிறதா என்று பாருங்கள்.

அடி பிறழ்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க யாப்பே உதவும். இது நேரிசை ஆசிரியப்பா. கடைசிக்கு முந்தைய அடி மூன்று சீர், மற்ற அடிகள் நான்கு சீர். “பெரியோரை வியத்தலும் இலமே” மூன்று சீரோடு நிற்கிறது அல்லவா? அதைக் குறை என்று நினைத்து அடுத்த அடியிலிருந்து “சிறியோரை” என்பதை மேலே இழுத்துப் போட்டவர்கள் உண்டு. அதேபோல “வாழ்தல்”, “முனிவின்”, “மின்னொடு” ஆகிய சொற்கள் பொருளால் அடுத்த அடியோடு சேர்வதால் கீழே இறக்கிவிடுவார்கள். உரைநடைக்கு அது சரி. மூலம் என்று தலைப்பிட்டுப் போடும்போது சரியில்லை. ஒவ்வோர் அடியிலும் நான்கை எண்ணிக்கொண்டே வந்தால் பிறழ்ந்த இடத்தில் விரல் தானாக நிற்கும். சொல் பிரித்த வடிவத்தில் “புதுவது அன்றே” போன்ற இடத்தில் அலகு சற்று மாறும். சந்தேகம் வந்தால் புணர்த்திப் படித்து எண்ணுங்கள்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்று இருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட பக்கங்களிலும் சில விசைப்பலகைகளிலும் “ர்” என்ற எழுத்துக்குப் பதில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்து “ா்” என்று வந்துவிடும். திரையில் “கேளிர்”, “கேளிா்” இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். “பேர்யாற்று” என்பது உள்ளே “போ்யாற்று” என்று இருக்கும். விளைவு, நாளை ஒருவர் உங்கள் பதிவைத் தேடினால் கிடைக்காது. உங்கள் கமெண்டிலிருந்து எடுத்து ஒட்டுபவர் அந்தப் பிழையையும் சேர்த்து எடுத்துப் போவார். சோதிப்பது சுலபம். ஒட்டிய உரையில் தேடல் பெட்டியைத் திறந்து “கேளிர்” என்று நீங்களே தட்டெழுதித் தேடுங்கள். கண்முன்னே இருக்கும் சொல்லை “இல்லை” என்று சொன்னால் உரை பழுது. இந்தப் பாட்டில் கேளிர், பிறர்தர, பேர்யாற்று, நீர்வழி, ஆருயிர், திறவோர் என்று ஆறு இடத்தில் “ர்” இருக்கிறது. ஒட்டியதைத் திருத்துவதைவிட அந்த ஆறு சொற்களையும் புதிதாகத் தட்டெழுதுவது வேகம்.

இணைப்புக்கு வருவோம். இரண்டு போதும் என்பது என் கணக்கு: வாசிக்க ஒன்று, சரிபார்க்க ஒன்று. வாசிப்பதற்கு projectmadurai.org தரும் மின்னுரையோ, உரையோடு வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் tamilvu.org நூலகமோ போதும். சரிபார்க்க, அச்சுப் பக்கத்தின் படம் வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை முதலில் அச்சேற்றினார். அவருடைய பதிப்புகளின் மின்படிகளை archive.org, tamildigitallibrary.in ஆகியவற்றில் தேடலாம். தட்டெழுதிய உரையும் அச்சுப் படமும் முரண்பட்டால் படத்தின் பக்கம் நில்லுங்கள்.

இணைப்பை நகலெடுப்பதில் இரண்டு வழுக்கல்கள். சட்டகம் வைத்துக் கட்டிய பழைய நூலகப் பக்கங்களில் நீங்கள் 192ஆம் பாட்டைத் திறந்திருந்தாலும் மேலே முகவரி மாறாமலே இருக்கும். அதை நகலெடுத்துக் கொடுத்தால் வாசகர் நூலின் முகப்பில் போய் நிற்பார். அதை உலாவியின் மறைமுகச் சாளரத்தில், அதாவது incognito-வில், ஒட்டித் திறந்து பாருங்கள். பாட்டுக்குப் போகவில்லை என்றால் “புறநானூறு → 192” என்று வழியையும் எழுதிவிடுங்கள். archive.org பக்க இணைப்பு இப்படி இருக்கும்:

```
archive.org/details/<நூல்>/page/n345/mode/2up
```

இங்கே n345 என்பது படத்தின் வரிசை எண், அச்சிட்ட பக்க எண் அல்ல. முகப்பு, முகவுரை எல்லாம் அதில் சேர்ந்துவிடும். “பக்கம் 345” என்று எழுதிவிட்டால் அச்சு நூல் வைத்திருப்பவர் தேடித் தேடி அலுத்துப்போவார். படத்தின் மேல் மூலையில் அச்சாகியிருக்கும் எண்ணையும், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும்.

மேலும் வாசிக்க என்று பதினைந்து நூல் அடுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஓர் ஐயம் வரும், இவர் எத்தனையைப் பிரித்தார் என்று. மூன்று சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் ஏன் சொல்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இந்தப் பாட்டுக்கு நான் முதலில் வைப்பது பழைய உரை. புறநானூற்றுக்குப் பழைய உரை முதல் 266 பாட்டுக்குத்தான் கிடைத்திருக்கிறது. 192 அதற்குள் வருவது நம் அதிர்ஷ்டம். இரண்டாவது, மேலே சொன்ன 182. அதே துறை, ஆனால் உலகம் நிலைத்திருப்பது பிறர்க்கென முயலுநர் உண்மையால் என்று முயற்சியின் பக்கம் நிற்கும் பாட்டு. தெப்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் சுவை. மூன்றாவது நற்றிணை 226, “மரம்சா மருந்தும் கொள்ளார்” என்று தொடங்குவது. அதைப் பாடியவர் பெயர் கணிபுன்குன்றனார் என்று வருகிறது. இருவரும் ஒருவரா என்று வாசகரே யோசிக்கட்டும். தமிழ் படிக்காத நண்பர்களுக்கு ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சொல்லலாம். ஆனால் சங்க மூலத்தைப் போல அதை முழுதாக ஒட்டாதீர்கள், அதற்குப் பதிப்புரிமை இருக்கிறது. நூற்பெயரும் பக்கமும் கொடுத்தால் போதும்.

எல்லாவற்றையும் குறிப்பேட்டுச் செயலியில் எழுதி முடித்து மொத்தமாக ஒட்டுங்கள். கணினியில் கமெண்ட் பெட்டிக்குள் நேராகத் தட்டெழுதினால், அடி முடிந்ததும் Enter அழுத்திய கணமே ஒற்றை அடியோடு கமெண்ட் பறந்துவிடும்; வரி மாற்ற Shift+Enter. ஒட்டியதும் அந்தக் கமெண்ட் மேலேயே நிற்கும்படி ‘பின்’ செய்யுங்கள், இல்லையென்றால் விருப்பக்குறி அதிகம் வாங்கிய “அருமை சார்” மேலே ஏறி, பாட்டு கீழே போய்விடும். சில கணக்குகளில் ‘பின்’ செய்யும் வசதி வராது. அப்போது மூலத்தையாவது பதிவின் அடியிலேயே போட்டுவிட்டு இணைப்புகளை மட்டும் கமெண்டில் வையுங்கள். பிழையை யாராவது காட்டினால் கமெண்டைத் திருத்தி, கடைசி வரியில் “9ஆம் அடியில் ‘புணைபோல’ என்றிருந்தது ‘புணைபோல்’ என்று திருத்தப்பட்டது” என்று எழுதுங்கள். பழைய வடிவத்தை அதற்குள் நாலு பேர் எடுத்துப் போயிருப்பார்கள்.