ஃபான்ட் சைஸ் வேறு, டிஸ்பிளே சைஸ் வேறு
ஆண்ட்ராய்டு போனில் எழுத்து பெரிதாகத் தெரிய ஃபான்ட் சைஸ், டிஸ்பிளே சைஸ் இரண்டில் எதைக் கூட்டினாலும் பலன் ஒன்றுதான் என்று சிலர் சொல்வதுண்டு. என் அப்பாவின் போனில் அப்படி இல்லை. டிஸ்பிளே சைஸைக் கடைசி வரை தள்ளி வைத்திருந்தார். ஒரு வங்கி ஆப்பில் பணம் அனுப்பும் பக்கத்தில் கீழே இருக்க வேண்டிய பட்டனையே காணோம். அந்தப் பக்கம் ஸ்க்ரோலும் ஆகவில்லை. காரணம் எளிது. டிஸ்பிளே சைஸ் மாறும்போது டென்சிட்டி, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று போன் கணக்கில் எடுக்கும் எண்ணே மாறுகிறது. ஆப்கள் அளப்பது டிபி என்ற அலகில்; டென்சிட்டி 160 ஆக இருந்தால் ஒரு டிபி ஒரு பிக்சல். 1080 பிக்சல் அகலத் திரையில் டென்சிட்டி 420 என்றால் ஆப்புக்குக் கிடைக்கும் அகலம் 411 டிபி (1080 × 160 ÷ 420). அதுவே 540 ஆனால் 320 டிபிதான். ஐகான், பட்டன், இடைவெளி எல்லாம் சேர்ந்து வீங்குவதால், ஆப்பைப் பொறுத்தவரை அது ஒரு சின்ன போன். ஃபான்ட் சைஸ் எழுத்தை மட்டும்தான் தொடும், டென்சிட்டி எண் அப்படியே இருக்கும். அப்பாவுக்கு டிஸ்பிளேயைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து ஃபான்ட்டை இரண்டு படி ஏற்றினேன், பட்டன் திரும்பி வந்தது. அப்புறம் வேறொரு தொல்லை: பெட்டியின் உயரத்தை மாறாத அளவாக வைத்திருக்கும் ஆப்களில் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது. ‘கு’, ‘மு’ போன்றவற்றின் வால் போய்விட்டால் வாசிக்கவே முடியாது. பட்டன் காணாமல் போனால் டிஸ்பிளே சைஸைக் குறையுங்கள், எழுத்து வெட்டுப்பட்டால் ஃபான்ட்டைக் குறையுங்கள்.