பிரேக் போடவில்லையாம், அந்த அரை வினாடியில்

கார் மோதிவிட்டது என்றாலே யாராவது ஒருவர், "உள்ளே கருப்புப் பெட்டி இருக்கு, அதைப் பார்த்தா எல்லாம் தெரிஞ்சுடும்" என்று சொல்லிவிடுகிறார். எல்லாம் தெரியாது சார். ஈடிஆர் எனப்படும் இந்த மோதல் பதிவுக் கருவி பெரும்பாலும் தனிப் பெட்டியே இல்லை, ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும் சின்ன நினைவகம். பேச்சைப் பதியாது, எந்த இடம் என்று பதியாது, ஓட்டியது யார் என்றும் அதற்குத் தெரியாது.

பிறகு என்ன இருக்கும்? அமெரிக்க விதிப்படி இப்போது ஓடும் கார்களில் மோதலுக்கு முந்தைய 5 வினாடிகளின் வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர், அதுவும் வினாடிக்கு 2 முறைதான். (2024 டிசம்பரில் இதை 20 வினாடி, வினாடிக்கு 10 முறை என்று மாற்றினார்கள், அது இனி வரும் கார்களுக்கு.) சண்டை வருவது இந்த அரை வினாடி இடைவெளியில்தான்.

ஓர் அறிக்கையில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோதலுக்கு 1 வினாடி முன்பு வேகம் 72 கி.மீ., பிரேக் 'இல்லை'. அரை வினாடி முன்பு 68, பிரேக் 'ஆம்'. எதிர்த்தரப்பு முதல் வரியை மட்டும் காட்டி, "ஒரு வினாடி இருக்கும்போதுகூட பிரேக்கைத் தொடவில்லை" என்று சொல்லும். ஆனால் 72 கி.மீ. வேகத்தில் அரை வினாடிக்குள் கார் 10 மீட்டர் போய்விடும், அந்த 10 மீட்டருக்குள் எங்கே கால் பிரேக்கில் பட்டது என்று இந்த இரண்டு வரிகளும் நேராகச் சொல்லாது. அதே அறிக்கையின் பக்கத்து நெடுவரிசையைப் பாருங்கள்: ஒன்றரை வினாடி முன்பு 22 சதவீதம் இருந்த ஆக்சிலரேட்டர், 1 வினாடி முன்பு பூஜ்யம். அதாவது ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்துக் காலை ஏற்கெனவே எடுத்துவிட்டார், கால் பிரேக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது! ஒரே அறிக்கை, ஆனால் கதையே வேறு.

அந்தப் பிரேக் 'ஆம்' என்பதும் பெடல் மிதிபட்டது என்றுதான் சொல்லும், எவ்வளவு அழுத்தமாக என்று சொல்லாது. வேகமும் சக்கரம் சுற்றுவதை வைத்து எடுப்பது, சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

சரி, யார் படிக்கலாம்? பல கார்களுக்கு பாஷ் நிறுவனத்தின் கருவி கடையில் விலைக்கே கிடைக்கிறது, அதை வாங்கிப் பயிற்சி எடுத்தவர் எவரும் படிக்க முடியும். அமெரிக்காவில் 2015-ல் வந்த சட்டம் இந்தத் தரவு காரின் உரிமையாளருக்கோ குத்தகைக்கு எடுத்தவருக்கோ சொந்தம் என்கிறது, மற்றவர்களுக்கு அவர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும் (சில விதிவிலக்குகள் உண்டு). நல்ல சட்டம்தான், ஆனால் என் கோபம் இங்கேதான். கார் முழுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்து வண்டியைத் தன் பெயருக்கு எழுதி வாங்கும்போது உரிமையாளரே அவர்கள்தான் ஆகிவிடுகிறார்கள். அதன்பிறகு நீங்கள் போய்க் கேட்க வேண்டும்.

வழக்கு வரும் என்று தோன்றினால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உங்கள் தரப்பு நிபுணரை வைத்துப் படித்து, முழு அறிக்கையையும் வாங்கி வையுங்கள். ஏர்பேக் வெடித்திருந்தால் பதிவு பூட்டிக்கொள்ளும். வெடிக்காத மோதல் என்றால் காரைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள், அடுத்த இடி வந்தால் பழைய பதிவு அழிந்துபோகலாம்.